வான்கோழிக் குஞ்சும் கோழித் தரையும்

வான்கோழிக் குஞ்சு வாங்கி வந்தவர்களுக்கு முதல் மூன்று நாள் கவலை இருக்காது. பெட்டியில் வந்த 25 குஞ்சும் உயிரோடு இருக்கும், கீச்சிட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடக்கும். நான்காம் நாள் காலையில் ஒன்றிரண்டு செத்துக் கிடக்கும். ஐந்தாம் நாள் இன்னும் சில. நோய்தான் வந்துவிட்டது என்று பதறி, கடையில் சொல்லும் மருந்தை வாங்கித் தண்ணீரில் கலப்பார்கள். ஏழாம் நாள் வாக்கில் சாவு தானாக நிற்கும். மருந்துதான் காப்பாற்றியது என்ற நம்பிக்கை மிஞ்சும்.

அந்தச் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். மண்ணீரலிலோ குடலிலோ பெரிதாக ஒன்றும் இருக்காது. அரைவைப்பை காலியாக இருக்கும், அல்லது தரையில் பரப்பிய உமி அதில் அடைத்திருக்கும். பித்தப்பை மட்டும் பச்சையாக உப்பியிருக்கும். அதாவது, தீனித்தட்டு ஒரு சாண் தூரத்தில் இருக்க, குஞ்சு பட்டினியில் செத்திருக்கிறது.

பொரிப்பதற்குச் சற்று முன் முட்டையின் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. அதை நம்பித்தான் குஞ்சைப் பெட்டியில் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிகிறது. கோழிக்குஞ்சு அந்த அவகாசத்துக்குள் கண்ணில் பட்டதையெல்லாம் கொத்திப் பார்த்துத் தீனி எது என்று கற்றுக்கொண்டுவிடும். வான்கோழிக் குஞ்சு அப்படியில்லை. தீனியைத் தேடிப் போவதில் மந்தம். தட்டின் மேலேயே நின்றுகொண்டு கத்தும், கொத்தாது. மஞ்சள் கரு தீர்ந்த பிறகு கற்றுக்கொள்ளத் தெம்பு இருக்காது. நான்காம் நாள் தெரியும் சாவு, முதல் நாளே தொடங்கிவிட்ட சாவு.

நம் கிராமத்து வழியில் இதற்கு ஒரு தீர்வு நெடுநாளாக இருக்கிறது. வான்கோழி முட்டையை அடைகாக்கும் நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பார்கள். கோழி முட்டை 21 நாளில் பொரியும், வான்கோழி முட்டைக்கு 28 நாள் வேண்டும். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தையும் நல்ல அடைக்கோழி பொறுத்துக்கொள்ளும். பொரித்ததும் குஞ்சைத் தன்னுடையதென்றே நினைத்து, தீனியைக் கொத்திக் கீழே போட்டுக் குரல் கொடுக்கும். குஞ்சு ஓடி வந்து தின்னும். பட்டினிச் சாவு அநேகமாக இருக்காது. ஆனால் அதே கோழி, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்க் கிளறத் தொடங்கும் நாளில், இதைவிடப் பெரிய ஆபத்தைக் கூட்டி வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தாயில்லாமல், பெட்டியில் வரும் 25 குஞ்சை எப்படிப் பிழைக்க வைப்பது என்று பார்த்துவிடலாம்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடர் தயாராக இருக்க வேண்டும். தகரத்தாலோ தடித்த அட்டையாலோ ஒரு அடி உயரத்துக்கு வட்டமாக வேலி கட்டுங்கள். வட்டம் என்பது முக்கியம். மூலை இருந்தால் பயந்தபோது எல்லாக் குஞ்சும் அங்கே போய் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உமியோ மரச்சீவலோ பரப்பி, அதன் மேல் சாக்கை விரித்துவிடுங்கள். உமியைத் தீனி என்று தின்பதை இது தடுக்கும். செய்தித்தாள் விரிப்பது வேண்டாம். வழவழப்பில் கால் இரண்டு பக்கமும் விலகிப் போன குஞ்சு பிறகு நிமிர்ந்து நிற்பது கடினம்.

வெப்பம் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். இப்போது கடைகளில் எல்.இ.டி. பல்புதான் முதலில் கைக்கு வருகிறது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பைத் தேடி வாங்க வேண்டும், அல்லது கோழிப்பண்ணைப் பொருள் விற்கும் கடையில் சூட்டு விளக்கு கேட்க வேண்டும். சித்திரை மாதத்துப் பகலில் விளக்கே தேவைப்படாது. விடியற்காலை மூன்று மணிக்கு அதே அறையில் தேவைப்படும். எண்ணைவிட நம்பகமானது குஞ்சுகளின் நடத்தை. விளக்குக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகி வேலியோரம் வாயைத் திறந்து நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. மின்சாரம் போகும் ஊராக இருந்தால் கரிச்சட்டி ஒன்று தயாராக இருக்கட்டும். கரி நன்றாகக் கனன்று புகை அடங்கிய பிறகுதான் அதை உள்ளே வைக்க வேண்டும், காற்றுப் போக வழியும் விட வேண்டும்.

இனி தீனி காட்டும் வேலை. பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் நனைத்து விடுங்கள். பாதிக்கு விழுங்கும், பாதி உதறும், பரவாயில்லை. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்க வேண்டும். அதில் கோலிக்குண்டோ வண்ணக் கூழாங்கல்லோ போட்டு வைத்தால் பளபளப்பைப் பார்த்துக் கொத்த வரும், கொத்தும்போது தண்ணீர் உள்ளே போகும். குஞ்சு விழுந்து மூழ்காமலும் அந்தக் கற்கள் காக்கும். தீனிக்கு முதல் இரண்டு நாள் தொட்டி வேண்டாம். முட்டை அடுக்கும் அட்டைத் தட்டில் தூவினால் கால் வைக்கும் இடமெல்லாம் தீனியாக இருக்கும். பச்சை நிறத்தை வான்கோழிக் குஞ்சு விரும்பும். கீரையையோ குதிரை மசாலையோ பொடியாக நறுக்கித் தீனியின் மேல் தூவினால் அதைக் கொத்தப் போய்த் தீனியையும் கொத்தும்.

தமிழ்நாட்டில் பரிந்துரைக்கும் முறை இன்னொன்று உண்டு. பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், முதல் 15 நாளைக்கு. நம் 25 குஞ்சுக்கு நாளொன்றுக்கு இரண்டரை முட்டை. இதைச் செலவு என்று நினைத்து விடுபவர்கள்தான் நான்காம் நாள் அதிகம் இழக்கிறார்கள். பால் கலந்த தண்ணீரை வெயில் காலத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவ வேண்டும். புளித்த பால் வயிற்றுப்போக்கைத் தரும்.

எல்லாம் செய்த பிறகும் எது தின்றது, எது தின்னவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் விட்டுவிடலாம். தட்டையாக இருக்கும் குஞ்சைத் தனியாக ஒரு கூடையில் போட்டு, முட்டை மஞ்சளைப் பாலில் கரைத்து, ஒரு சொட்டு மருந்துக் குழலால் அலகின் ஓரத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 25 குஞ்சுக்கு இந்த வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. முதல் ஐந்து இரவுகளில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

பலர் செய்யும் இன்னொரு தந்திரம், அதே வயதுள்ள இரண்டு மூன்று கோழிக்குஞ்சை உள்ளே விடுவது. அவை கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தும். நன்றாக வேலை செய்யும் முறைதான். ஆனால் அந்தக் கோழிக்குஞ்சு பொரிப்பானில் பொரித்து நேரே வந்ததாக இருக்க வேண்டும். தாய்க்கோழியோடு மண்ணில் திரிந்த குஞ்சைப் பிடித்துப் போடக் கூடாது. பாடம் முடிந்ததும், ஒரு வாரத்தில், அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும்.

தின்னக் கற்றுக்கொண்ட குஞ்சுக்கு அடுத்து என்ன தீனி என்பதில் சிக்கல் வரும். வான்கோழிக் குஞ்சின் முதல் நான்கு வாரத் தீனியில் 28 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். எட்டு வாரம் வரை 26. அதன் பிறகு படிப்படியாக 22க்கும் 19க்கும் இறக்கலாம். பிராய்லர் குஞ்சுக்கே 22, 23 சதவீதம்தான். நொய்யில் இருப்பது எட்டு சதவீதம், மக்காச்சோளத்தில் ஒன்பது, தவிட்டில் பன்னிரண்டு அளவு. நொய்யையும் தவிட்டையும் போட்டு வளர்த்தால் குஞ்சு உடனே சாகாது. இறகு முளைக்கத் தாமதமாகும், வாரம் மூன்றாகியும் முதுகு வெறுமையாக இருக்கும், கால் வலுவில்லாமல் நொண்டும், ஒன்றையொன்று கொத்தும். அந்தக் குஞ்சுக்குப் பிறகு என்ன போட்டாலும் விட்டுப்போன வளர்ச்சியை முழுதாகப் பிடிக்காது.

வான்கோழிக்கென்று தனித் தீவனம் சிறு ஊர்களில் கிடைப்பது அரிது. ஆகவே வீட்டில் கலக்க வேண்டியிருக்கும். கணக்கு எளிது. 22 சதவீதப் பிராய்லர் முன்தொடக்கத் தீவனமும் 45 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 28. தீவனத்திலிருந்து 28க்கு 6 புள்ளி தூரம், புண்ணாக்கிலிருந்து 28க்கு 17 புள்ளி தூரம். ஆகவே 17 பங்கு தீவனத்துக்கு 6 பங்கு புண்ணாக்கு. பத்துக் கிலோ கலவைக்கு 7.4 கிலோ தீவனம், 2.6 கிலோ புண்ணாக்கு. நாட்டு ரகமானால் 25 குஞ்சுக்கு முதல் நான்கு வாரத்துக்கு இருபது கிலோவுக்கும் இருபத்தைந்து கிலோவுக்கும் இடையில் பிடிக்கும்.

புண்ணாக்கைக் கலந்ததும் புரதம் ஏறும், ஆனால் தீவனத்தில் இருந்த தாதுவும் வைட்டமினும் கால் பங்கு நீர்த்துப் போகும். வான்கோழிக்கு இவை கோழியைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே அந்தப் பத்துக் கிலோவுக்குச் சுமார் 100 கிராம் டைகால்சியம் பாஸ்பேட், ஐந்து கிராம் அளவு மெத்தியோனின், பொட்டலத்தில் குறித்த அளவில் கோழி வைட்டமின் கலவை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். நயாசின் என்ற பி வகை வைட்டமின் குறைந்தால் முழங்கால் வீங்கிக் கால் வளையும். புரதத்துக்காகக் கருவாட்டுத் தூளைத் தாராளமாகக் கலப்பவர்கள் உண்டு. அதிலுள்ள உப்பைக் குஞ்சு தாங்காது. உப்பிடாத மீன்தூள் என்றால் சரி.

பிராய்லர் தீவனப் பையில் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் மருந்து கலந்திருக்கலாம். அது சாலினோமைசின் அல்லது நரசின் என்றால் வான்கோழிக்கு அது நஞ்சு. கோழிக்கு ஒன்றும் செய்யாத அதே அளவில் வான்கோழி கால் நீட்டிப் படுத்துவிடும், எழாது. வயது ஏற ஏற ஆபத்து கூடும். பையின் சீட்டில் எழுதியிருக்கும், இல்லையென்றால் விற்பவரிடம் கேட்க வேண்டும். தெரியவில்லை என்று அவர் சொன்னால் அந்தப் பையை வாங்காமல் இருப்பதே நல்லது.

கரையான் பிடித்துப் போடுவது நம் பக்கத்து அருமையான வழக்கம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு இவற்றைப் போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். குஞ்சு போட்டி போட்டுத் தின்னும், புரதமும் நிறைய. அசோலாவும் நல்லதுதான், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதை நம்பித் தீவனத்தைக் குறைக்கக் கூடாது. மண்புழுவை மட்டும் கொடுக்காதீர்கள். கோழி திரிந்த இடத்து மண்புழு என்றால் கையால் எடுத்துக்கொடுப்பது நோயைத்தான்.

அந்த நோய்க்குப் பண்ணையாளர்கள் சொல்லும் பெயர் பிளாக்ஹெட். 1890களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1895இல் அவற்றின் குடலிலும் கல்லீரலிலும் ஒற்றைச் செல் உயிரி ஒன்றைக் கண்டார். இன்று அதற்கு ஹிஸ்டோமோனாஸ் மெலியாகிரிடிஸ் என்று பெயர். அது எப்படிப் பரவுகிறது என்பது 1920இல்தான் புரிந்தது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். இந்த உயிரி வெளியே வந்தால் மிக விரைவில் செத்துவிடும். அப்படியே விழுங்கினாலும் பெரும்பாலும் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும். இவ்வளவு நொய்ந்த உயிரி பண்ணைகளை அழித்தது, இன்னொரு புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டதால்.

கோழியின் குருட்டுக்குடலில் ஹெட்டராகிஸ் என்ற சிறு வெண்புழு வாழும். நாட்டுக்கோழியில் அது சாதாரணம், கோழிக்குப் பெரிய தொல்லையும் தராது. ஹிஸ்டோமோனாஸ் அந்தப் புழுவின் முட்டைக்குள் புகுந்து, எச்சத்தோடு மண்ணுக்கு வருகிறது. முட்டை ஓட்டுக்குள் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்புழு அந்த முட்டையை விழுங்கினால் அதன் உடலுக்குள் புழு பொரித்துக் காத்திருக்கும். மழை பெய்து மண்புழு மேலே வரும் நாளில் குஞ்சு அதைக் கொத்தி விழுங்கும். கோழிக்கு இந்தத் தொற்று வந்தாலும் பெரும்பாலும் லேசாகத் தேறிவிடும், நோயைச் சுமந்துகொண்டு நலமாகத் திரியும். வான்கோழியின் கல்லீரலை அது அரித்துவிடும். தொற்றிய கூட்டத்தில் பத்தில் எட்டு சாவது உண்டு, எல்லாமே சாவதும் உண்டு.

மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரைதான் இதன் உச்சம். தொற்றி ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, தலையைக் கீழே போட்டு, கண் மூடி நிற்கும். எச்சம் கந்தக மஞ்சளாக இருக்கும். இதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். ரத்தக்கழிச்சலில் எச்சம் சிவக்கும், இதில் மஞ்சளாகும். தலை கறுப்பதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான பறவைகளில் அது நடப்பதே இல்லை. செத்ததை அறுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். கல்லீரலில் நாணயம் அளவு வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த மஞ்சள் புள்ளிகள். குருட்டுக்குடல் இரண்டும் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போன்ற கெட்டிப்பொருள் அடைத்திருக்கும். உடலை உடனே கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோனாலும் மருத்துவரின் கையில் நல்ல மருந்து இல்லை. இந்த நோய்க்கு வேலை செய்த நைட்ரோஇமிடசோல் வகை மருந்துகள் உண்ணும் பறவைகளுக்குக் கொடுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடை செய்யப்பட்டவை. தடுப்புக்காகத் தீவனத்தில் கலந்த கடைசி மருந்தான நைட்டார்சோன், ஆர்சனிக் சார்ந்தது என்பதால் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2015இல் விலக்கப்பட்டது. தடுப்பூசியும் சந்தையில் இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் ஊசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க இங்கே வழியில்லை. நோயுற்ற குஞ்சு இன்னொரு குஞ்சுக்கு நேரடியாகவும் தரும். நனைந்த உமியில் புதிய எச்சம் ஆசனவாயில் பட்டாலே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் மஞ்சள் எச்சம் தெரிந்த அன்றே அந்தக் குஞ்சைப் பிரித்துவிட வேண்டும்.

ஆகவே, நான் பார்த்த வரையில், சிறு பண்ணையின் கேள்வி எந்த ரகம் வாங்குவது என்பதல்ல. நாட்டுக் கறுப்பு ரகத்தையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்து உருவாக்கிய நந்தனம் வான்கோழி 1 நம் வெயிலுக்கு ஏற்றதுதான், நல்ல தேர்வுதான். ஆனால் எந்த ரகமும் இந்த நோயிலிருந்து தப்பிக்காது. முற்றத்தில் பத்து நாட்டுக்கோழி திரிகிறது என்றால் அந்த மண்ணில் வான்கோழியை விட முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்றே சொல்வேன். கோழிகளை விற்றுவிட்டாலும் மூன்று நான்கு ஆண்டு அந்த மண்ணை நம்பக் கூடாது.

கோழியையும் விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆட்டுக்கு அமைப்பது போலத் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் பரண் கட்டி, அதற்குக் கம்பி வலைத் தரை போட்டு, புரூடரிலிருந்து நேரே குஞ்சை அங்கே ஏற்றிவிடலாம். எச்சம் கீழே விழும், குஞ்சு மண்ணைத் தொடாது. கோழிகள் பரணுக்கு அடியில் வராமல் வேலி வேண்டும். கோழிக்கொட்டிலுக்குப் போன செருப்போடு பரணுக்குப் போகக் கூடாது. பரண் வாசலில் தனிச் செருப்பு ஒரு ஜோடி இருக்கட்டும், தீனி அள்ளும் பாத்திரமும் தனியாக இருக்கட்டும். பச்சைத்தீவனத்தையும் கோழி மேயாத இடத்திலிருந்து அறுத்து வர வேண்டும். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் தோட்டத்துக்கு மயில் வரும். மயிலுக்கும் இதே நோயும் புழுவும் உண்டு, அதனால் தீனி சிந்திக் கிடக்கவிட்டு அவற்றை வரவழைக்கக் கூடாது.

கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்வதும் உதவும். ஃபென்பெண்டசோல் ஹெட்டராகிஸ் புழுவைக் கொல்லும், அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். அது ஹிஸ்டோமோனாஸைத் தொடாது, ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் முட்டைகளையும் தொடாது. புதிதாக முட்டை சேர்வதைக் குறைக்கும், அவ்வளவே. சுண்ணாம்பு தெளிப்பதையும் மேல்மண்ணைக் கொத்திவிடுவதையும் சிலர் சொல்கிறார்கள். அந்த முட்டை ஓட்டின் கெட்டித்தன்மையைப் பார்த்தால் அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெயில் படும் காய்ந்த மணல் தரையில் முட்டை குறைவாகத் தாங்கும், நிழலும் ஈரமுமான களிமண்ணில் நெடுநாள் தாங்கும். இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தோட்டத்து வாய்க்காலோரத்தை விட்டு, மேட்டு நிலத்தில் பரணைக் கட்டலாம்.

அடைக்கோழியில் பொரிக்க வைப்பவர்களும் இதே கணக்கில் சேர்வார்கள். கோழியை அடை வைக்குமுன் புழு நீக்கம் செய்து, பொரித்த பின் தாயையும் குஞ்சையும் மண்ணில் விடாமல் சிமெண்டுத் தரையுள்ள அறையிலோ பெரிய கூடையிலோ வைத்து, எச்சத்தைத் தினமும் வழித்தெடுத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகளைப் பிரித்துப் புரூடருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்குள் தீனியும் தண்ணீரும் எது என்று கோழி காட்டி முடித்திருக்கும். பிரித்த இரவு குஞ்சுகள் கத்தித் தீர்க்கும். தாய்க்கோழியின் கதகதப்பு போய்விட்டதால் அன்றைக்கு மட்டும் விளக்கை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டுங்கள்.